இத்தாலிய நாளிதழ்த் தலைப்பை ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்வது: ஒரு முழு வழிகாட்டி

இத்தாலிய நாளிதழ்த் தலைப்புகள் பலவற்றில் வினைச்சொல்லே இருக்காது. முதலில் விஷயத்தின் பெயர், ஒரு காற்புள்ளி, பிறகு இரண்டு மூன்று பெயர்ச்சொற்கள், அவ்வளவுதான். அங்கே நாள்தோறும் செய்தி படிப்பவருக்கு அது போதும், ஏனென்றால் கதையின் முன்பாதி அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அந்த முன்பாதி தெரியாது. அதனால் சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கிற மொழிபெயர்ப்புகூட நடந்ததற்கு நேர் எதிரான செய்தியைச் சொல்லிவிடும். ஆங்கிலம் கரடுமுரடாக இருந்தால் ஆசிரியர் கண்ணில் பட்டுத் திருத்திவிடுவார். ஆங்கிலம் வழவழவென்று இருந்து கதை மட்டும் தலைகீழானால் யாருக்கும் தெரியாது. இந்த வழிகாட்டி முக்கியமாக அந்த இரண்டாவது ஆபத்தைப் பற்றியது.

கீழே நான் எடுத்துக்கொள்ளும் தலைப்புகளில் பெரும்பாலானவை அங்கே வழக்கத்தில் இருக்கும் வார்ப்பில் நானே அமைத்தவை. உண்மையில் அச்சான தலைப்பு வரும்போது எந்தப் பத்திரிகை, எந்தத் தேதி என்று சொல்லியிருக்கிறேன்.

தலைப்பைக் கடைசியில் படியுங்கள்

அச்சு இதழில் இத்தாலியத் தலைப்பு தனியாக நிற்பதில்லை. அதற்கு மேலே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதை ஒக்கியெல்லோ என்பார்கள். நடுவில் பெரிய எழுத்தில் தீத்தொலோ. கீழே இரண்டு மூன்று வரிகளில் சொம்மாரியோ. இந்த மூன்றும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. என்ன நடந்தது என்ற தகவலை மேல்வரி தாங்கும். பெரிய தலைப்பு அதன் மீதான சூட்டைத் தாங்கும், பல நேரம் யாரோ ஒருவர் சொன்ன பேச்சாக. விவரம் கீழ்வரியில் வரும்.

இணையத்தில் இது உடைந்துவிடுகிறது. பகிரப்படும் இணைப்பிலும் தேடல் முடிவிலும் பெரிய தலைப்பு மட்டும் தெரியும், மேல்வரி விழுந்துவிடும். ஆகவே முதல் வேலை தலைப்பை மூடி வைத்துவிட்டு மேல்வரி, கீழ்வரி, செய்தியின் முதல் இரண்டு பத்திகளைப் படிப்பது. கட்டணச் சுவருக்குப் பின்னால் செய்தி இருந்தால் அதே நிகழ்வைப் பற்றிய அன்சா செய்தி நிறுவனத்தின் குறிப்பைத் தேடிப் படியுங்கள். அது பெரும்பாலும் முழு வாக்கியத்தில், சூடு குறைவாக இருக்கும். இரண்டையும் பார்க்க வழியில்லை என்றால் அந்தத் தலைப்பை மொழிபெயர்க்காமல் விடுவதே மேல். தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அடுத்த உதாரணத்தில் பார்க்கலாம்.

ஒரு தலைப்பை முழுதாக அவிழ்ப்போம்

2025 ஜனவரி 20-ஆம் தேதி இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் சில பொது வாக்கெடுப்புகளை நடத்தலாமா கூடாதா என்று முடிவு சொன்னது. அதற்கு இப்படி ஒரு தலைப்பு வந்திருந்தால் எந்த இத்தாலியரும் வியந்திருக்க மாட்டார்:

```
Autonomia, stop della Consulta al referendum.
Sì a cittadinanza e Jobs Act
```

சொல்லுக்குச் சொல் போனால் ஆங்கிலத்தில் இப்படி வரும்:

```
Autonomy, stop by the Consulta to the referendum.
Yes to citizenship and Jobs Act
```

இது ஆங்கிலமே இல்லை என்பது பார்த்தவுடன் தெரிகிறது. கொஞ்சம் அனுபவம் உள்ளவர் இதைச் சீர் செய்து இப்படி எழுதுவார்:

```
Court blocks autonomy referendum,
backs citizenship and Jobs Act
```

நல்ல ஆங்கிலம். ஆனால் இரண்டு வரியும் தவறு. எப்படித் தவறு என்று பார்க்க, தலைப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் இருக்கும் கதையை எடுத்து வைக்க வேண்டும்.

அவுத்தொனொமியா என்பது இங்கே தன்னாட்சி என்ற பொதுக்கருத்து அல்ல, ஒரு குறிப்பிட்ட சட்டம். 2024 ஜூனில் நிறைவேறிய 86-ஆம் எண் சட்டம். மாநில அரசுகளைப் போல இயங்கும் பிராந்தியங்கள் கேட்டால் மத்திய அரசிடமிருந்து கூடுதல் அதிகாரங்களைப் பெற அது வழிவகுக்கிறது. அதைக் கொண்டுவந்தவர் லேகா கட்சி அமைச்சர் ரொபேர்த்தோ கால்தெரோலி. வடக்கே வேனெத்தோ, லொம்பார்தியா போன்ற பிராந்தியங்களில் அதற்கு ஆதரவு அதிகம். தெற்கில் எதிர்ப்பு அதிகம், பணக்கார வடக்கு தன் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விடும் என்ற பயம் அதற்குக் காரணம்.

அடுத்து, ரெஃபெரெண்டும். இத்தாலியில் இந்தச் சொல்லை அடைமொழி இல்லாமல் போட்டால் பெரும்பாலும் ஒரு சட்டத்தை நீக்கலாமா என்று கேட்கும் வாக்கெடுப்பு என்றுதான் பொருள். ஏற்கெனவே இருக்கும் சட்டத்தை வாக்காளர்கள் அடித்துவிடலாம், புதிதாக எழுத முடியாது. ஆகவே இந்த வாக்கெடுப்பைக் கேட்டவர்கள் தன்னாட்சிச் சட்டத்தின் எதிரிகள். எதிர்க்கட்சிகளும் தொழிற்சங்கமும் அதற்காகக் கையெழுத்துத் திரட்டியிருந்தார்கள்.

கொன்சுல்தா என்பது அரசியலமைப்பு நீதிமன்றம், அது இயங்கும் மாளிகையின் பெயரால். அது சொன்ன ஸ்தோப் என்பது சட்டத்துக்குத் தடை அல்ல, சட்டத்தை நீக்கும் முயற்சிக்குத் தடை. வாக்கெடுப்புக் கேள்வியின் பொருளும் நோக்கமும் வாக்காளருக்குத் தெளிவாக இல்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். சரி, இப்போது யாருக்கு லாபம்? சட்டத்தை ஆதரித்தவர்களுக்கு.

வழவழப்பான அந்த ஆங்கிலத் தலைப்பைப் படிப்பவர் என்ன நினைப்பார்? ஆங்கிலத்தில் தன்னாட்சி வாக்கெடுப்பு என்றால் தன்னாட்சி வேண்டும் என்று கேட்கும் வாக்கெடுப்பு. கட்டலோனியாவும் ஸ்காட்லாந்தும்தான் அவர் மனதில் வரும். அது போதாதென்று வேனெத்தோவிலும் லொம்பார்தியாவிலும் 2017 அக்டோபர் 22-ஆம் தேதி அதே அர்த்தத்தில் ஒரு வாக்கெடுப்பு உண்மையிலேயே நடந்தது. ஆகவே தன்னாட்சி கேட்பவர்களின் வாயை நீதிமன்றம் அடைத்துவிட்டது என்று அவர் புரிந்துகொள்வார். வென்றவர் தோற்றவராகிவிட்டார், ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல்.

இரண்டாவது வரியும் அதே கதிதான். அங்கே வரும் ஆமாம் என்ற சொல் அந்த விஷயங்களுக்கு அல்ல, அவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு. வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று நீதிமன்றம் ஐந்து கேள்விகளை அனுமதித்தது. ஒன்று குடியுரிமைக்குத் தேவையான வசிப்புக் காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைப்பது. மற்ற நான்கும் தொழிலாளர் சட்டங்களைப் பற்றியவை, அதில் ஒன்று ஜாப்ஸ் ஆக்ட் சீர்திருத்தத்தின் பணிநீக்க விதிகளை நீக்கக் கேட்டது. ஜாப்ஸ் ஆக்டுக்கு நீதிமன்றத்தின் ஆதரவு என்று எழுதினால், அதை ஒழிக்கக் கேட்ட கேள்வியை அதற்கான ஆதரவாக மாற்றிவிடுகிறோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு ஆங்கிலத் தலைப்பை எழுதுவதற்கு முன்னால் ஒரு இடைப்படி இருக்கிறது. அதை யாரும் விடக்கூடாது. ஒரு முழு வாக்கியம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதலாம்: பிராந்தியங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் சட்டத்தை நீக்குவதற்கான வாக்கெடுப்பை நடத்தக் கூடாது என்று இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது, குடியுரிமை மற்றும் வேலை தொடர்பான வேறு ஐந்து வாக்கெடுப்புகளை அனுமதித்தது. இந்த வாக்கியத்தில் செய்தவர், செய்த வேலை, பாதிக்கப்பட்டவர், அது எந்தப் பக்கம் சாய்கிறது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஒன்று இல்லை என்றாலும் திரும்பச் செய்தியைப் படிக்கப் போக வேண்டியதுதான்.

பிறகு அந்த வாக்கியத்திலிருந்துதான் ஆங்கிலத்துக்குச் சுருக்க வேண்டும். இத்தாலியத் தலைப்பின் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூடாது:

```
Italian court bars vote on scrapping regional powers law
Judges clear five other referendums, on citizenship and labour rules
```

தன்னாட்சி என்ற சொல்லையே விட்டுவிட்டேன். அது ஆங்கில வாசகரைத் தவறான நாட்டுக்கு அழைத்துப் போகிறது, பிராந்திய அதிகாரங்கள் என்பது போகவில்லை. சட்டத்தின் பெயர் செய்தியின் முதல் பத்தியில் வரட்டும். நீக்குவது என்ற வினையை மட்டும் எந்த நெருக்கடியிலும் வெட்டக் கூடாது. இந்தத் தலைப்பில் கதையின் முதுகெலும்பு அதுதான், இத்தாலியத் தலைப்பில் எழுதப்படாமல் இருந்ததும் அதுதான்.

இதிலிருந்து எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும் ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தடை, ஆமாம், இல்லை, பச்சைக்கொடி, நிராகரிப்பு ஆகியவற்றைச் சொல்லும் ஸ்தோப், சீ, நோ, வியா லீபெரா, போச்சாத்தா போன்ற சொற்களைக் கண்டால் உடனே நிறுத்தி, எதற்குத் தடை, தடை விழுந்ததால் யார் மகிழ்கிறார் என்று கேளுங்கள். தடைக்குத் தடை என்பது இத்தாலியத் தலைப்புகளில் அடிக்கடி வரும் கணக்கு.

இடப்பெயர்களும் பட்டப்பெயர்களும்

தமிழ்ப் பத்திரிகை படிப்பவருக்கு இது கடினமில்லை. அறிவாலயம், கமலாலயம், கோட்டை வட்டாரம் என்று படிக்கும்போது கட்டடத்தைப் பற்றிய செய்தி என்று நாம் யாரும் நினைப்பதில்லை. ரோமில் பலாத்சோ கீஜி என்றால் பிரதமர் அலுவலகம். க்விரினாலே என்றாலும், குன்று என்று பொருள்படும் கொல்லே என்றாலும் குடியரசுத் தலைவர். விமினாலே உள்துறை அமைச்சகம், ஃபர்னெசீனா வெளியுறவு அமைச்சகம். மொன்தெச்சித்தோரியோ கீழவை, பலாத்சோ மதாமா மேலவை.

இவற்றை ஆங்கிலத்தில் அப்படியே விடலாமா? என் பதில், தலைப்பில் விடக் கூடாது. பதவியின் பெயரைப் போடுங்கள். செய்தியின் உள்ளே ஒருமுறை விளக்கிவிட்டு இடப்பெயரைப் பயன்படுத்தலாம். இத்தாலிய மணம் வேண்டும் என்பதற்காகத் தலைப்பில் விடுபவர்கள் உண்டு. அந்த மணம் ஏற்கெனவே இத்தாலியைத் தெரிந்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும்.

கட்சிகளின் பட்டப்பெயர்களில் இன்னும் கவனம் தேவை. கர்ரோச்சோ என்பது லேகா கட்சி, இடைக்காலத்தில் லொம்பார்தியப் படைகள் போருக்கு இழுத்துச் சென்ற வண்டியின் பெயரால். தெம் என்றால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அத்சூர்ரி, அதாவது நீலர்கள், அரசியல் பக்கத்தில் ஃபோர்த்சா இத்தாலியா கட்சியினர், விளையாட்டுப் பக்கத்தில் தேசிய கால்பந்து அணி. இந்தத் தலைப்பைப் பாருங்கள்:

```
Manovra, tensione Lega-azzurri: il nodo banche
```

லேகா என்பது கட்சி மட்டுமல்ல, கால்பந்து லீகுக்கும் அதே சொல்தான். அதனால் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தெரியாவிட்டால் விளையாட்டுச் செய்தியாகவே படித்துவிட முடியும். முதல் சொல் காப்பாற்றுகிறது. மனோவ்ரா என்பது ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் நிறைவேற வேண்டிய பட்ஜெட் சட்டம். ஆங்கிலத்தில் ஒலி ஒத்த சொல்லைப் போட்டால் ராணுவப் பயிற்சியாகவோ அரசியல் தந்திரமாகவோ ஆகிவிடும். முடிச்சு என்று பொருள்படும் நோதோ என்றால் பேச்சு முடியாமல் சிக்கி நிற்கும் இடம். 2025 இலையுதிர்காலத்தில் வங்கிகளிடம் கூடுதல் பணம் வாங்க வேண்டும் என்று லேகாவும், வேண்டாம் என்று ஃபோர்த்சா இத்தாலியாவும் நின்றன. இரண்டும் ஒரே கூட்டணி அரசில் இருக்கும் கட்சிகள். இத்தாலியருக்கு அது தெரியும் என்பதால் தலைப்பு சொல்லவில்லை. ஆங்கிலத்தில் அதுதான் செய்தியே:

```
Italy's coalition partners clash over bank levy in budget
```

கட்சிப் பெயர்கள் இரண்டும் தலைப்பிலிருந்து போய்விட்டன, உறவு உள்ளே வந்துவிட்டது. இப்படிக் கைமாற்றுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமை என்றே நான் நினைக்கிறேன்.

எவ்வளவு உறுதி? வழக்கு எந்தக் கட்டத்தில்?

குற்றச் செய்திகளில் தவறு நடந்தால் அது ஒரு மனிதரின் பெயரைக் கெடுக்கும், அவதூறு வழக்கும் வரும். ஆகவே இங்கே வேகம் வேண்டாம்.

முதலில் இலக்கணம். இத்தாலியப் பத்திரிகைகள் நிபந்தனை வினையை வதந்திக் குறியாகப் பயன்படுத்துகின்றன. தமிழில் ஏமாற்றினாராம் என்று ஓர் ஆம் சேர்த்தால் பொறுப்பு சொன்னவர் மேல் போய்விடுகிறதே, அதே வேலை. ஆங்கில வினையில் அந்த வசதி கிடையாது, தனிச் சொல் போட்டுத்தான் ஆக வேண்டும்.

```
Avrebbe truffato decine di anziani: arrestata 34enne
```

```
Woman, 34, arrested over alleged fraud against dozens of elderly people
```

இத்தாலியத் தலைப்பில் பெண் என்ற சொல் எங்கும் இல்லை. கைதானவர் பெண் என்பதை அர்ரெஸ்தாத்தா என்பதன் கடைசி எழுத்து மட்டுமே சொல்கிறது. ஆண் என்றால் அது அர்ரெஸ்தாத்தோ. இந்த விகுதிகளைக் கவனிக்காமல் போய் ஆணைப் பெண்ணாக்குவதும், ஒருவரைப் பலராக்குவதும் அவசரத்தில் எளிதாக நடக்கிறது.

அடுத்தது நீதிமன்ற ஏணி. இந்தகாத்தோ என்றால் விசாரணையில் இருப்பவர், அவ்வளவுதான். அவர் மேல் இன்னும் குற்றம் சாட்டப்படவில்லை, ஆகவே ஆங்கிலத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் என்று எழுதக் கூடாது. வழக்கு நடக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்ட நிலைக்கு ரின்வியாத்தோ அ ஜுதீத்சியோ என்பார்கள். அங்கிருந்துதான் குற்றச்சாட்டு, வழக்கு விசாரணை என்ற சொற்கள் பொருந்தும். தண்டனை வந்த பிறகும் கதை முடிவதில்லை. மேல்முறையீடு இருக்கிறது, அதற்கும் மேலே கஸாத்சியோனே நீதிமன்றம் இருக்கிறது. இறுதித் தீர்ப்பு வரும்வரை ஒருவரைக் குற்றவாளியாகக் கருதக் கூடாது என்று இத்தாலிய அரசியலமைப்பின் 27-ஆம் பிரிவே சொல்கிறது. எனவே முதல் நிலைத் தண்டனையை ஆங்கிலத்தில் எழுதும்போது மேல்முறையீட்டு வாய்ப்பைத் துணைத்தலைப்பிலாவது வைப்பது நியாயம்.

இந்தப் பகுதியில் ஆங்கிலம் அறிந்தவரை அதிகம் கவிழ்க்கும் தலைப்பு இது:

```
Il pm: «Otto anni all'ex sindaco»
```

முதலில், இந்த இரண்டு எழுத்துகள் பிரதமரைக் குறிப்பவை அல்ல. இத்தாலியில் அவை அரசுத் தரப்பு வழக்கறிஞரான பூப்ளிகோ மினிஸ்தேரோவின் சுருக்கம். பிரதமருக்கு அங்கே ஆங்கிலத்திலிருந்து வாங்கிய பிரீமியர் என்ற சொல்லைப் போடுவார்கள். இரண்டாவது, எட்டு ஆண்டுத் தண்டனை யாருக்கும் விதிக்கப்படவில்லை. அரசுத் தரப்பு வாதத்தின் முடிவில் இவ்வளவு தண்டனை கொடுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டிருக்கிறது. முன்னாள் மேயர் நாளைக்கு விடுதலையாகலாம்.

```
Prosecutor seeks eight years for ex-mayor
```

கேட்கிறார் என்ற ஒரு வினைதான் இங்கே சேர்ந்தது. அது இல்லாவிட்டால் நடக்காத தீர்ப்பை அறிவித்துவிடுவோம். இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு, கியேஸ்தி என்று தொடங்கி ஆண்டுக்கணக்கு வரும். கேட்கப்பட்டன என்பதுதான் அதற்கும் பொருள்.

மஜிஸ்த்ராத்தோ என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நீதிபதியையும் குறிக்கும், அரசுத் தரப்பு வழக்கறிஞரையும் குறிக்கும், இத்தாலியில் இருவரும் ஒரே பணித்துறை. இங்கிலாந்து வாசகருக்கு மாஜிஸ்திரேட் என்றால் சிறு வழக்குகளைப் பார்ப்பவர். செய்தியைப் படித்து இருவரில் யார் என்று தீர்மானித்து அந்தப் பெயரைப் போடுங்கள்.

மேற்கோள் குறிக்குள் இருப்பதை நம்பலாமா

இத்தாலியத் தலைப்பில் பெயர், முக்காற்புள்ளி, இரட்டைக் கோண மேற்கோள் என்று வந்தால் அது அந்த மனிதர் வாயால் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொள்ள முடியாது. நீண்ட பேட்டியின் சாரத்தைத் தலைப்பு போடுபவர் ஒரு வரியாக்கி மேற்கோளுக்குள் வைப்பது அங்கே பரவலான வழக்கம். ஆங்கிலப் பத்திரிகைகளில் மேற்கோள் குறி என்றால் சொன்னது சொன்னபடி. ஆகவே குறியை அப்படியே கடத்தினால் ஒருவர் சொல்லாததை அவர் வாயில் வைத்ததாகிவிடும்.

```
Il ministro: «Pensioni, nessun taglio»
```

எந்த மனிதரும் ஓய்வூதியம், காற்புள்ளி, வெட்டு இல்லை என்று பேச மாட்டார். தலைப்பு வார்ப்பே மேற்கோளுக்குள் புகுந்திருப்பதைப் பார்த்தாலே இது சாரம் என்று தெரிகிறது. செய்திக்குள் தேடிப் பாருங்கள். அந்தச் சொற்கள் அதே வரிசையில் இருந்தால் மேற்கோளை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மறைமுகப் பேச்சாக்குங்கள்:

```
Minister rules out pension cuts
```

இதிலும் ஒரு சோதனை பாக்கி. அமைச்சர் எல்லாக் காலத்துக்கும் மறுத்தாரா, இந்த ஆண்டு பட்ஜெட்டில் மட்டும் இல்லை என்றாரா? இரண்டாவது என்றால் இந்த ஆண்டு என்பதும் தலைப்பில் வர வேண்டும்.

ஆங்கிலத்தில் மறுபடி சுருக்குவது

விரித்தாயிற்று, இனி சுருக்க வேண்டும். ஆங்கிலத் தலைப்பு யாரில் தொடங்கி என்ன செய்தாரில் நகர்கிறது. முடிந்த நிகழ்வுக்கும் நிகழ்கால வினைதான். வரப்போவதற்கு வினைக்கு முன்னால் to என்ற ஒரு சிறு சொல் போதும். இத்தாலியரின் விஷயம், காற்புள்ளி வடிவத்தை அப்படியே ஆங்கிலத்தில் நகலெடுப்பதை முழுவதுமாக விட்டுவிடுங்கள். அதற்காகப் பெயர்ச்சொற்களை வரிசையாக அடுக்கவும் வேண்டாம். ஆங்கிலம் அதை அனுமதிக்கிறது என்றாலும் நான்கு பெயர்ச்சொல் ஒட்டி நின்றால் எது எதைத் தழுவுகிறது என்று ஆங்கிலேயருக்கே தெரியாது.

எதை வெட்டுவது என்பது கேள்வி. என் வரிசை இது: முதலில் சூட்டுச் சொற்கள் போகட்டும். புயல், குழப்பம், அடி, மோதல் என்று பொருள்படும் புஃபேரா, காவோஸ், ஸ்தங்காத்தா, ஸ்கோந்த்ரோ ஆகியவை இத்தாலியில் தினசரிச் சரக்கு. அங்கே வாசகர் அவற்றைத் தள்ளுபடி செய்தே படிக்கிறார். ஆங்கிலத்தில் அதே சொல்லைப் போட்டால் செய்தி இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். கட்டணம் உயர்ந்ததைப் பேரடி என்று எழுதாமல் எவ்வளவு உயர்ந்தது என்று எழுதுங்கள். அடுத்து ஊர்ப்பெயர்கள், இத்தாலி என்ற ஒரு பெயரோ அருகிலுள்ள பெரிய நகரமோ போதும். வயதைக் கடைசியில் பாருங்கள். மறுப்புச் சொற்களும் உறுதியின் அளவைக் காட்டும் சொற்களும் வெட்டுக்கு அப்பாற்பட்டவை.

மஞ்சள் என்று பொருள்படும் ஜல்லோ வரும் தலைப்புகளையும் இந்த இடத்தில் பார்க்க வேண்டும். மொன்ததோரி பதிப்பகம் 1929-இல் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டையில் வெளியிடத் தொடங்கியதிலிருந்து இத்தாலியில் அந்த நிறம் மர்மக்கதையின் பெயராகிவிட்டது. ஒரு மரணத்தைப் பற்றி ஜல்லோ என்று தலைப்பு வந்தால் காரணம் இன்னும் தெரியவில்லை என்று பொருள், கொலை என்று பொருளில்லை. ஆங்கிலத்தில் மர்மம் என்ற சொல்லே கொஞ்சம் கொலை வாசம் அடிக்கும். செய்தியில் காவல்துறை கொலை என்று சொல்லவில்லையென்றால் விசாரணை நடக்கிறது, காரணம் தெரியவில்லை என்று மட்டும் எழுதுவதே சரி.

சுருக்க எதுவுமே இல்லாத தலைப்பு

சில தலைப்புகளில் தகவல் இருக்காது, குரல் மட்டும் இருக்கும். 1980 நவம்பர் 23-ஆம் தேதி இர்ப்பீனியா பகுதியில் நிலநடுக்கம் வந்தது. மூன்று நாள் கழித்து, நவம்பர் 26 அன்று, நேப்பிள்ஸின் இல் மத்தினோ நாளிதழ் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இரண்டு சொற்களை அச்சிட்டது:

```
FATE PRESTO
```

இடிபாடுகளுக்குள் இன்னும் உயிரோடு இருப்பவர்களை எடுக்க உதவி வந்து சேரவில்லை என்பதுதான் அதன் பின்னணி. ஃபாத்தே என்பது பன்மை ஏவல், பலரைப் பார்த்துச் சொல்வது. விரைந்து செய்யுங்கள் என்று தமிழில் சொன்னால் அந்தப் பன்மை தானாக வந்துவிடுகிறது, ஆங்கிலத்தில் வராது. அகராதி தரும் வழக்கமான hurry up என்பதைப் போட்டால் பள்ளிக்குக் கிளம்பாத குழந்தையை அம்மா அதட்டுவது போல இருக்கும். இங்கே நான் ஆச்சரியக்குறி இல்லாத ஒற்றைச் சொல்லை மட்டும் தலைப்பில் வைத்துக்கொண்டு, யாருக்கு, எதற்கு என்பதைத் துணைத்தலைப்பில் வைப்பேன்:

```
HURRY
Quake survivors are still under the rubble, Naples paper tells rescuers
```

2011 நவம்பர் 10 அன்று பொருளாதார நாளிதழ் இல் சோலே 24 ஓரே அதே இரண்டு சொற்களை முதல் பக்கத்தில் போட்டது. இப்போது நிலநடுக்கம் இல்லை, இத்தாலியக் கடன்பத்திரங்களின் வட்டி வெடித்துக்கொண்டிருந்தது, இரண்டு நாளில் பெர்லுஸ்கோனி பிரதமர் பதவியிலிருந்து விலகினார். இங்கே முன்பு போட்ட ஆங்கிலச் சொல் பொருந்தாது. கேட்கப்படுவது மீட்புப்படை அல்ல, அரசியல்வாதிகள். நான் இப்படிச் செய்வேன்:

```
"Act now": business daily echoes 1980 quake plea as debt crisis deepens
```

இந்த மேற்கோள் குறி நியாயமானது, ஏனென்றால் அது பத்திரிகையே அச்சிட்ட சொல். பழைய தலைப்பின் எதிரொலி இது என்பதை இத்தாலிய வாசகர் சொல்லாமல் உணர்ந்தார். ஆங்கிலத்தில் சொல்லாவிட்டால் அந்த முதல் பக்கம் ஏன் பேசப்பட்டது என்பதே விளங்காது.

அனுப்புவதற்கு முன்

எழுதிய ஆங்கிலத் தலைப்பை இத்தாலியைப் பற்றித் தெரியாத ஒருவரிடம் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன நடந்தது, அது முடிந்துவிட்டதா, இதில் யாருக்கு மகிழ்ச்சி. மூன்றாவது கேள்விதான் தலைகீழான தலைப்பைப் பிடிக்கும். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து ஆங்கிலத்தை மட்டும் படித்து நீங்களே பதில் எழுதி, முதலில் எழுதிய முழு வாக்கியத்தோடு ஒப்பிடுங்கள்.

பழக ஒரு தலைப்பு. மேலே சொன்ன ஐந்து வாக்கெடுப்புகளும் 2025 ஜூன் 8, 9 தேதிகளில் நடந்தன. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம். பாதிக்கு மேல் வாக்காளர்கள் வராவிட்டால் முடிவு செல்லாது, அந்த வரம்பைத்தான் தலைப்பு க்வோரும் என்கிறது.

```
Referendum, niente quorum
```

இதை no quorum என்று மொழிபெயர்த்தால் ஆங்கில வாசகர் ஏதோ கூட்டத்துக்கு உறுப்பினர் வரவில்லை என்று நினைப்பார். மக்கள் எதிர்த்து வாக்களித்தார்கள் என்று எழுதினால் அதுவும் தவறு, வந்தவர்களில் பெரும்பான்மையினர் ஆதரவாகவே வாக்களித்தார்கள். நடந்தது வேறு:

```
Italy's citizenship and labour referendums void after low turnout
```